நாகர்கோவில் நூலக முகப்பு: 19 ஸ்லைடர் 4 ஆன கதை

ஆர்க்கிடெக்சர் மூணாம் வருஷம் படிக்கிற ஒரு பிள்ளை, எங்க தெருக்காரிதான், ஸ்டூடியோ ப்ராஜெக்ட்டுக்கு நாகர்கோவில்ல ஒரு சின்ன நூலகம் டிசைன் பண்ணிட்டிருந்தா. ரெண்டு மாடி, மேற்குப் பக்கம் முழுக்க ஓட்டை போட்ட சிமெண்ட் ஜாலி, ஓட்டை ஒரு இடத்துல சின்னதா ஆரம்பிச்சி போகப்போக பெருசாகணும், அதுதான் ஐடியா. ரைனோங்கற 3D சாஃப்ட்வேர்ல கிராஸ்ஹாப்பர் ஓப்பன் பண்ணி ஏதோ பண்ணியிருந்தா, ஆனா பேட்டர்ன் ஒடையுது. "அண்ணே, ஸ்லைடர் இழுத்தா எல்லாம் அசையுது, ஆனா நான் நெனச்சது மட்டும் வரல"ன்னு லேப்டாப்ப தூக்கிட்டு ஒரு சாயங்காலம் ஆபீஸுக்கு வந்துட்டா. அந்த ஃபைல்ல என்னென்ன நடந்துச்சின்னு அப்படியே எழுதுறேன், இதே மாதிரி முகப்பு பண்றவங்களுக்கு உதவும்.

கிராஸ்ஹாப்பர் தெரியாதவங்களுக்கு கொஞ்சம். ரைனோல ஒரு வட்டம் வரைஞ்சா அது வட்டம், எப்படி வரைஞ்சோம்ங்கறது அதுக்கு ஞாபகம் இருக்காது. கிராஸ்ஹாப்பர்ல நாம வட்டத்த வரையறதில்ல, வட்டம் வர்ற வழிய வரையறோம். ஒவ்வொரு வேலையும் ஒரு பெட்டி, எடது பக்கம் உள்ள போறது, வலது பக்கம் வெளிய வர்றது, நடுவுல வயர். டேவிட் ருட்டன் 2007ல இத கொண்டுவந்தப்போ இதுக்கு `Explicit History`ன்னுதான் பேரு, அதாவது செஞ்சதெல்லாம் கண்ணுக்கு முன்னாடி கெடக்கும்னு அர்த்தம். எனக்கு இப்பவும் அந்தப் பேருதான் இத சரியா சொல்லுதுன்னு தோணும். ரைனோ 6லேர்ந்து இது கூடவே வருது, தனியா போட வேண்டாம்.

அவ ஃபைல்ல 19 ஸ்லைடர், அதாவது இழுத்து எண்ண மாத்துற பட்டை, இருந்துச்சி. நான் மொதல்ல கேட்டது, "மக்ளே, இதுல எது நீ முடிவு பண்ண வேண்டியது, எது தானா வர வேண்டியது?" பேனல் அகலம் ஒரு ஸ்லைடர், பேனல் எண்ணிக்கை இன்னொரு ஸ்லைடர்னு வச்சிருந்தா. சுவர் அகலம் 9,600 மில்லிமீட்டர், பேனல் 600ன்னு முடிவு பண்ணியாச்சின்னா எண்ணிக்கை 16தான், அதுக்கு எதுக்கு ஸ்லைடர், ஒரு வகுத்தல் பெட்டி போதும். அதே மாதிரி பெரிய ஓட்டையோட ஆரம் தனி ஸ்லைடர்ல 300 வரைக்கும் போகும்படி இருந்துச்சி. 600 பேனல்ல ஆரம் 300 ஆனா வட்டம் பேனல் ஓரத்தத் தொட்டிரும், அங்க சிமெண்டே இருக்காது. நாங்க அத எடுத்துட்டு "ஓரம்"ன்னு ஒரு ஸ்லைடர் வச்சோம். வட்டத்துக்கும் பேனல் விளிம்புக்கும் நடுவுல குறைஞ்சது எவ்வளவு சிமெண்ட் நிக்கணும், அதுதான் கேள்வி. ஓரம் 60ன்னா பெரிய ஆரம் 300 கழித்தல் 60, ஆக 240, அது தானா வரும். இந்த ஸ்லைடர எவ்வளவு இழுத்தாலும் வார்க்க முடியாத பேனல் வராது.

சரி, வரிசையா ஃபைலுக்குள்ள போவோம். ரெண்டு மாடிக்கும் நடுவுல 600 உயரத்துக்கு ஒரு கான்கிரீட் பட்டை ஓடுது, அதனால ஜாலி ஒரே சர்ஃபேஸ் இல்ல, கீழ ஒண்ணு மேல ஒண்ணு, ஒவ்வொண்ணும் 9,600க்கு 3,000. ஒவ்வொண்ணையும் 16க்கு 5ன்னு பிரிச்சா 80 பேனல், மொத்தம் 160. ரெண்டு சர்ஃபேஸையும் ஒரே `Surface` பெட்டியில எடுத்து, வலது கிளிக் பண்ணி `Reparameterize` போட்டு, `Divide Domain²`ல 16, 5ன்னு குடுத்து, `Isotrim`ல வெட்டியிருந்தா. எல்லாம் சரியான பெட்டிங்கதான். ஆனா திரையில என்ன தெரிஞ்சுதுன்னா மேல் மாடி கிட்டத்தட்ட முழுசா இருக்கு, ஒரு மூலையில மட்டும் ஒரு பேனல் காணோம், கீழ் மாடியில ஒரே ஒரு பேனல் மட்டும் தனியா நிக்குது. அவ எண்ணிக்கைய செக் பண்ணியிருக்கா, 160ன்னு சரியா வருது, அதனால டிஸ்ப்ளே கோளாறுன்னு நெனச்சி ரைனோவ ரெண்டு தடவ மூடித் தெறந்திருக்கா.

இங்கதான் நான் அரை மணி நேரம் ஒக்காந்து பேசுனேன், ஏன்னா கிராஸ்ஹாப்பர்ல முக்காவாசி கஷ்டம் இந்த ஒரே எடத்துலதான் இருக்கு. வயர்ல போறது வெறும் எண்ணோ சர்ஃபேஸோ இல்ல, பட்டியல். சில நேரம் பட்டியல்களோட கட்டு, அதத்தான் ட்ரீன்னு சொல்றாங்க, ஒவ்வொரு பட்டியலும் ஒரு கிளை. `Divide Domain²`க்குள்ள ரெண்டு சர்ஃபேஸ் போச்சி, வெளிய ரெண்டு கிளையா வந்துச்சி, கிளைக்கு 80 துண்டு. ஆனா `Isotrim`முக்கு சர்ஃபேஸ் போன வயர்ல ரெண்டு சர்ஃபேஸும் ஒரே கிளையில இருக்கு. இப்போ பெட்டி என்ன பண்ணும்? மொதக் கிளையோட 80 துண்டையும் ரெண்டு சர்ஃபேஸ் இருக்கிற பட்டியலோட ஜோடி சேர்க்கும், மொத துண்டுக்கு மொத சர்ஃபேஸ், ரெண்டாவது துண்டுக்கு ரெண்டாவது சர்ஃபேஸ், மூணாவதுக்கு ஆளில்லன்னா கடைசி ஆளையே திரும்பத் திரும்பப் பிடிச்சி 80 வரைக்கும் போயிரும். ரெண்டாவது கிளையும் அப்படியே. ஆக கீழ் சர்ஃபேஸுக்கு கிளைக்கு ஒண்ணு, அதுவும் ரெண்டும் அதே மூலையில ஒண்ணுமேல ஒண்ணு. மேல் சர்ஃபேஸுக்கு 79, அதுவும் ரெண்டு தடவ. கூட்டிப் பாருங்க, 2 கூட்டல் 158, சரியா 160. எண்ணிக்கை பொய் சொல்லாது, ஆனா எல்லாம் வேற எடத்துல ஒக்காந்திருக்கு.

சரிபண்றது ஒரு கிளிக்தான், `Surface` பெட்டியோட வெளிய வர்ற பக்கம் வலது கிளிக் பண்ணி `Graft`. ஒவ்வொரு சர்ஃபேஸும் தனிக் கிளைக்குப் போயிரும், அப்புறம் கிளைக்குக் கிளை ஜோடி சேரும், கீழ் சர்ஃபேஸுக்கு கீழ் மாடி 80, மேலுக்கு மேல் 80. இத முன்னாடியே கண்டுபிடிக்க வயரப் பார்த்தாலே போதும். ஒத்தக் கோடா போனா ஒரே ஒரு பொருள், ரெட்டைக் கோடுன்னா பட்டியல், விட்டுவிட்டு வர்ற ரெட்டைக் கோடுன்னா ட்ரீ. ஒரு பெட்டிக்குள்ள ஒரு பக்கம் பட்டியலும் இன்னொரு பக்கம் ட்ரீயும் நுழையுதுன்னா அங்க நின்னு யோசிக்கணும். சந்தேகம்னா `Param Viewer` மாட்டிப் பாத்தா எத்தன கிளை, கிளைக்கு எத்தனன்னு தெரிஞ்சிரும். வீடியோல "தப்பு வந்தா `Flatten` போடு"ன்னு சொல்றாங்க, அது எல்லாத்தையும் ஒரே பட்டியலா போட்டு அமுக்கிரும், சில நேரம் படம் சரியாவும் தெரியும், ஆனா அப்புறம் மாடிவாரியா கணக்கு எடுக்கணும்னா கிளை இருக்காது. நான் வேணாம்னு சொல்வேன்.

பேனல் சரியானதும் ஒவ்வொண்ணுக்கும் நடுப்புள்ளி `Area` பெட்டியிலேர்ந்து வந்துச்சி, அதுல வட்டம் போட்டா எல்லா வட்டமும் தட்டு அடுக்குன மாதிரி படுத்துக் கெடந்துச்சி. இது சின்ன விஷயம்தான். `Circle` பெட்டிக்கு ப்ளேன் வேணும், நாம புள்ளிய குடுத்தா அதுவே தரையோட ப்ளேன எடுத்துக்கும். `Circle CNR` போட்டு, சுவர் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தத் திசைய `Normal`ங்கற உள்ளீட்டுல குடுத்தா நிமிர்ந்திரும். அவ மேற்குச் சுவர ஃப்ரண்ட் வியூல வரைஞ்சிருந்ததால `Unit Y` போதுமா இருந்துச்சி. வளைஞ்ச முகப்புன்னா ஒவ்வொரு எடத்துலயும் நார்மல தனியா எடுக்கணும், இங்க சுவர் தட்டை.

இப்போ ஓட்டையோட அளவு. ஒரு புள்ளி வச்சி, ஒவ்வொரு பேனல் நடுவுலேர்ந்தும் அதுக்கு எவ்வளவு தூரம்னு `Distance` எடுத்து, அந்தத் தூரத்த ஆரமா மாத்துறது, இதுதான் அட்ராக்டர்னு எல்லாரும் சொல்றது. அவ புள்ளிய முகப்போட நட்ட நடுவுல வச்சிருந்தா, பாக்க நல்லாருக்குன்னு. நான் ஏன் அங்கன்னு கேட்டேன், பதில் இல்ல. அப்போ நூலகத்துக்குள்ள போய் யோசிச்சோம். நாகர்கோவில் 8.2 டிகிரி வடக்குல இருக்கு, மார்ச் 20 வாக்குல சாயங்காலம் நாலரைக்கு சூரியன் நேர் மேற்குல கிட்டத்தட்ட 29 டிகிரி உயரத்துல இருக்கும். 1.5 மீட்டர் உயர ஜன்னலுக்கு அந்த வெயில சன்ஷேட் வச்சி மறைக்கணும்னா 2.7 மீட்டர் வெளிய நீட்டணும், நடக்காத காரியம். அதுக்குத்தான் ஜாலியே. பத்மநாபபுரம் அரண்மனை போனவங்களுக்குத் தெரியும், அந்த மர அழி வழியா உள்ள வர்ற வெளிச்சம் கண்ணக் குத்தாது. ஆக வெயில் எங்க கண்ணக் குத்தும்? படிக்கிற மேசையில. கீழ் மாடியில தெக்கு மூலையிலேர்ந்து 2.4 மீட்டர்ல மேசை, ஒக்காந்தவங்க தலை சுமார் 1.2 மீட்டர் உயரம். புள்ளி அங்கதான் இருக்கணும், கிட்ட ஓட்டை சின்னதா, தூரப் போகப்போக பெருசா. `Construct Point`ல 2400, 0, 1200ன்னு வச்சோம், 2400 மட்டும் ஸ்லைடர்.

தூரத்த ஆரமா மாத்த `Remap Numbers`. அதுக்கு ரெண்டு எல்லை வேணும், எந்தத் தூரத்துலேர்ந்து எந்தத் தூரம் வரை, எந்த ஆரத்துலேர்ந்து எந்த ஆரம் வரை. தூரத்தோட எல்லைக்கு அவ எல்லா வீடியோலயும் சொல்ற மாதிரி `Bounds` போட்டிருந்தா. மாடி நடுவுல பட்டைகிட்ட பேட்டர்ன் டக்குன்னு ஒடைஞ்சுது, கீழ் மாடி உச்சி வரிசையில ஓட்டை பெருசா இருந்து, மேல் மாடி அடி வரிசையில திரும்ப சின்னதாயிருச்சி. காரணம் மறுபடி கிளைதான், `Bounds` கிளைக்குக் கிளை தனித்தனியா சின்னது பெருசு பாக்கும், மேல் மாடியில மேசைக்கு இருக்கறதுலயே கிட்ட உள்ள பேனல் கூட 2.7 மீட்டர் தள்ளித்தான் இருக்கு, ஆனா அந்தக் கிளையில அதுதான் சின்னது, அதனால அதுக்கு சின்ன ஓட்டை.

`Bounds`க்குள்ள போற தூரத்த மட்டும் ஃப்ளாட்டன் பண்ணா இது சரியாயிரும், அவளும் அதத்தான் சொன்னா. ஆனா `Bounds`ல இன்னும் ஆழமா ஒரு கோளாறு இருக்கு. புள்ளிய 30 மீட்டர் தள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு வச்சாலும் ஏதோ ஒரு பேனல் கிட்ட, ஏதோ ஒண்ணு தூரம், அதனால முகப்புல எப்பவும் சின்ன ஓட்டையும் பெரிய ஓட்டையும் இருந்துட்டே இருக்கும். அப்போ புள்ளி எங்க இருக்குங்கறதுக்கு அர்த்தமே போயிருது. அதனால `Bounds`ஸ தூக்கிட்டு `Construct Domain`ல 0லேர்ந்து 6000 வரைன்னு நாமளே குடுத்தோம், 6000க்கு ஸ்லைடர் வச்சி "வீச்சு"ன்னு பேரு போட்டோம். மேசையோட தாக்கம் எவ்வளவு தூரம் போகணும்ங்கறது அது. இப்போ ரெண்டு மாடிக்கும் ஒரே எல்லை, பட்டைகிட்ட ஒடையல.

ஆரம் 60லேர்ந்து 240. கணக்குப் போட்டுப் பாத்தா, 1,500 தள்ளி இருக்கிற பேனலுக்கு 105, 3,000 தள்ளி 150. 8,000 தள்ளி? வீச்சத் தாண்டியாச்சி, ஆனா பெட்டி நிக்காது, அதே விகிதத்துல போய் 300ன்னு குடுக்கும், அதாவது வட்டம் பேனல் ஓரத்தத் தொடும். இதுக்குத்தான் `Remap Numbers`ல ரெண்டாவதா ஒரு வெளியீடு இருக்கு, `Clipped`. மேல உள்ளத விட்டுட்டு அதுலேர்ந்து வயர் எடுத்தா 240ல நின்னுரும். இத கவனிக்காம விட்டா முகப்போட வடக்குக் கோடியில மட்டும் ஓட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன மாதிரி தெரியும், தூரத்துலேர்ந்து பாத்தா அழகாக்கூட இருக்கும், அதனாலதான் மாட்டிக்கறாங்க.

இதுவரைக்கும் வந்த பேட்டர்ன் மென்மையா இருந்துச்சி, அவ சந்தோஷமாயிட்டா. நான் ப்ரிண்ட் எடுத்துட்டு சிமெண்ட் ஜாலி வார்க்கிற ஒரு அண்ணாச்சிகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு படத்தப் பாத்து கேட்ட மொத கேள்வி, "எத்தன அச்சு?" அவளுக்குப் புரியல. தூரம் மாற மாற ஆரமும் மாறும், ஒண்ணுல 137.4 இன்னொண்ணுல 141.5, இப்படி மொத்தம் 36 அளவு, அளவுக்கு ஒரு அச்சு. ஒரு அச்சுல திரும்பத் திரும்ப வார்த்தாதான் அவருக்குக் கட்டும். "ஒரு நாலஞ்சு அளவுக்குள்ள கொண்டு வா மக்கா"ன்னு சொன்னாரு. 600க்கு 600, 50 கனம், ஓட்டையே இல்லாம 43 கிலோ பக்கம் வரும், 480 விட்டம் ஓட்டைன்னா பாதியா 21, 22 கிலோ, ஆனா ஓரம் 60தான் நிக்கிறதால உள்ள கம்பி வளையம் போட்டே ஆகணும்னும் சொன்னாரு. இது எந்த ஸ்லைடர்லயும் இல்லாத விஷயம்.

திரும்பி வந்து, ஆரத்த அஞ்சு படியா உருட்டினோம். 60லேர்ந்து 240 வரை நாலு இடைவெளி, இடைவெளிக்கு 45. `Expression` பெட்டியில இவ்வளவுதான்:

```
60 + 45*Round((x-60)/45)
```

x ங்கறது `Clipped`லேர்ந்து வர்ற ஆரம். 137.4 வந்தா 60 கழிச்சி 77.4, 45ஆல வகுத்தா 1.72, உருட்டினா 2, ஆக 150. அப்புறம் எந்த அளவு எத்தனன்னு எண்ண `Create Set`ல தனி அளவுகள எடுத்து, `Member Index`ல எண்ணிக்கைய வாங்கினோம், ஆனா இந்தக் கணக்குக்கு மட்டும் ட்ரீய ஃப்ளாட்டன் பண்ணணும், இல்லன்னா மாடிக்கு ஒரு கணக்கு வரும். வந்த எண்ணிக்கை இது: விட்டம் 120ல 4 பேனல், 210ல 30, 300ல 30, 390ல 46, 480ல 50.

அந்த 4தான் கண்ணுல பட்டுச்சி. நாலு பேனலுக்கு ஒரு தனி அச்சா? மேசைக்கு நேரா இருக்கிற அந்த நாலையும் 210க்கு ஏத்திட்டா நாலு அச்சுல முடியும். இங்க சின்ன ஓட்டை ஸ்லைடர 105க்கு இழுத்துரலாமேன்னு தோணும், இழுத்தா `Remap` முழுசும் நகர்ந்து எல்லா பேனலும் மாறிரும். அதனால ரீமேப்ப தொடாம கடைசியில மட்டும் ஒரு தடுப்பு போட்டோம்:

```
Max(105, 60 + 45*Round((x-60)/45))
```

இப்போ 210ல 34, மத்தது அப்படியே. (அப்புறம் 60, 45, 105 எல்லாத்தையும் ஸ்லைடர்லேர்ந்து வர்ற எழுத்தா மாத்திட்டோம், மொதல்ல எண்ணா போட்டா புரிய லேசு.)

வெளிச்சம் எவ்வளவு உள்ள வருதுன்னும் இதுலயே தெரியும். ஓட்டையோட பரப்பு ஆரத்தோட வர்க்கத்துல போகும், அதனால 210 விட்டம் பேனல்ல திறப்பு 9.6 சதவீதம்தான், 300ல 19.6, 390ல 33.2, 480ல 50.3. அவ கண்ணுக்கு அளவு சீராதான் கூடுற மாதிரி தெரிஞ்சுது, வெளிச்சம் சீரா கூடல. மொத்தமா பாத்தா கீழ் மாடிக்கு 24 சதவீதம், மேலுக்கு 38, சராசரி 31. கீழ படிக்கிற எடம், மேல அலமாரியும் நடைபாதையும், அதனால இந்த வித்தியாசத்த அவ விட்டுட்டா, எனக்கும் சரின்னுதான் பட்டுச்சி. கிளைய அமுக்காம வச்சதாலதான் மாடிவாரியா இந்தக் கணக்கு கெடச்சுது. ஆனா ஒண்ணு, நம்ம ஊர்ல தென்மேற்குப் பருவமழை மேற்குலேர்ந்து சாய்ச்சு அடிக்கும், 480 ஓட்டை மழைய தடுக்காது. ஜாலிக்குப் பின்னால 1.2 மீட்டர் வராந்தா விட்டு அதுக்கு அப்புறம் கண்ணாடி வைக்கணும்னு ப்ளான திருத்தினா, அது ஃபைல்ல இல்ல, ப்ளான்ல.

கடைசியில மேல நின்ன ஸ்லைடர் நாலு: மேசை எங்க, வீச்சு எவ்வளவு, ஓரம் எவ்வளவு, சின்ன ஓட்டை எவ்வளவு. கேன்வாஸ்ல ரெட்டைக் கிளிக் பண்ணி `2000<6000<9000`ன்னு அடிச்சா எல்லையோட ஸ்லைடர் வந்துரும், எல்லைய மொதல்லயே முடிவு பண்ண இது நல்ல பழக்கம். பேனல் 600ங்கறத ஸ்லைடரா வைக்கல, மஞ்ச `Panel` பெட்டியில எழுதிட்டோம், அது அச்சோட அளவு, விளையாடறதுக்கு இல்ல.

பேனலுக்கு கனம் குடுத்து ஓட்டைய வெட்டுற பெட்டிங்கள மாட்டினதும் ஸ்லைடர் தடுக்க ஆரம்பிச்சுது, 160 திடப்பொருள ஒவ்வொரு இழுப்புக்கும் செய்யணும்ல. அந்தப் பெட்டிங்கள வலது கிளிக்ல `Disable` பண்ணிட்டு வெறும் வட்டத்துல முடிவு எடுத்து, கடைசியா திரும்ப ஆன் பண்றதுதான் வழி. `Bake` பண்ணிட்டா அது வெறும் ரைனோ ஆப்ஜெக்ட், அதுக்கப்புறம் ஸ்லைடர் அதத் தொடாது, அதனால பேக் பண்றதுக்கு முன்னாடி ஒரு சோதனை செய்யச் சொன்னேன்.

முகப்பு இடது வலது சமம், 9,600 அகலம். மேசைய 2400லேர்ந்து 7200க்கு நகர்த்தினா படம் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பணும், ஒவ்வொரு அளவோட எண்ணிக்கையும் மாறவே கூடாது. ஏதாவது கிளை தப்பா ஜோடி சேர்ந்திருந்தா அங்க எண்ணிக்கை ஆடும். அவ ஸ்லைடர 7200க்கு இழுத்தா, மஞ்சப் பெட்டியில 34, 30, 46, 50ன்னு அதே நாலு எண்ணு நின்னுச்சி. திரும்ப 2400க்கு கொண்டுவந்து பேக் பண்ணிட்டு, அளவுவாரியா நாலு லேயர்ல பிரிச்சி, அண்ணாச்சிக்கு ஒரு ஷீட் ப்ரிண்ட் எடுத்தா.